படிநிலை மதிப்பீட்டை மதிப்பெண்ணாக்கல்

படிநிலை மதிப்பீட்டை மதிப்பெண்ணாக்கல் என்பது, ரூப்ரிக் எனப்படும் மதிப்பீட்டு அட்டவணையில் ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே இட்ட நிலைகளை ஒரே மதிப்பெண்ணாக மாற்றும் முறை. ஒரு கட்டுரைக்கு மொத்தம் 20 மதிப்பெண், நான்கு கூறுகள், 1 முதல் 4 வரை நிலைகள் என்று கொள்வோம். மாணவர் ஒருவர் கருத்தில் 2, அமைப்பில் 3, மொழிநடையில் 3, பிழையின்மையில் 4 பெறுகிறார். எளிய வழி கூட்டிப் பார்ப்பது: 16க்கு 12, அதாவது 20க்கு 15.

இங்கே பிழையின்மையும் கருத்தும் ஒரே எடை பெற்றுவிட்டன. கருத்துக்கு 8, அமைப்புக்கு 5, மொழிநடைக்கு 4, பிழையின்மைக்கு 3 என்று மதிப்பெண்ணைப் பிரித்தால், அதே மாணவர் முறையே 4, 3.75, 3, 3 பெறுவார். மொத்தம் 13.75, முழுமையாக்கினால் 14. முழுமையாக்கலைக் கூறுதோறும் செய்யாமல் கடைசியில் ஒரே முறை செய்ய வேண்டும். இல்லையெனில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அடிமட்டத்தில் இருக்கிறது. எல்லாக் கூறுகளிலும் கடைசி நிலையான 1 பெற்றவருக்கும் 20க்கு 5 கிடைத்துவிடுகிறது. நிலை 1 என்பது ‘ஓரளவு முயன்றிருக்கிறார்’ என்று பொருள்பட்டால் இது நியாயமே. ‘எதுவும் தேறவில்லை’ என்று பொருள்பட்டால் நிலையிலிருந்து 1 கழித்து, 3ஆல் வகுத்து, அந்தக் கூறின் மதிப்பெண்ணால் பெருக்க வேண்டும். அப்போது மேற்கண்ட மாணவரின் மதிப்பெண் 11.67க்கு இறங்கும். 1 கழிக்காத முறையில், எழுதாமல் விட்ட கூறுக்கு 0 என்ற நிலையை அட்டவணையிலேயே தனியாக வைப்பது நல்லது. எந்த வாய்பாடு என்பதை விடைத்தாள் திருத்தத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.