டெட்டனஸ் நஞ்சும் போட்டுலினம் நஞ்சும்

டெட்டனஸ் நஞ்சும் போட்டுலினம் நஞ்சும் காற்றில்லாத இடத்தில் மட்டும் வளரும் குளோஸ்டிரிடியம் இனப் பாக்டீரியாக்கள் சுரக்கும் புரதங்கள். முதலாவது ரணஜன்னியை உண்டாக்குகிறது: தாடை பூட்டிக்கொள்ளும், முதுகு வில்லாக வளையும், லேசான ஓசை கேட்டாலும் உடல் முழுவதும் இழுக்கும். இரண்டாவதால் வரும் நோய் போட்டுலிசம். இமைகள் சரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகளும் தளர்ந்து நின்றுவிடும். ஒன்று இறுக்கிக் கொல்கிறது, மற்றது தளர்த்திக் கொல்கிறது. நரம்பணுவுக்குள் இவை செய்யும் வேலையோ ஒன்றுதான். இந்த உண்மை தெளிவாவதற்கு 1820களிலிருந்து 1992 வரை ஆயிற்று.

போட்டுலிசத்தை முதலில் முறையாக விவரித்தவர் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதி மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர். கவிஞராகவும் பெயர் பெற்றவர். புகையூட்டிய பன்றிக் குருதித் தொத்திறைச்சியைத் தின்றவர்கள் ஊர் ஊராக இறந்துகொண்டிருந்தார்கள். 1820இல் 76 நோயாளிகளைப் பற்றியும், 1822இல் 155 நோயாளிகளைப் பற்றியும் அவர் நூல் எழுதினார். வாய் வறள்வது, கண்மணி விரிவது, கண்ணீர் வற்றுவது, இமை சரிவது, சாகும்வரை அறிவு தெளிவாகவே இருப்பது என்று அவர் குறித்துவைத்த அடையாளங்களில் இன்றும் திருத்துவதற்கு அதிகமில்லை. கெட்ட தொத்திறைச்சியின் சாற்றைத் தன் நாவிலும் விட்டுப் பார்த்தார். நஞ்சு காற்றுப்படாத இடத்தில் உருவாகிறது, அது மூளையைத் தொடாமல் நரம்பின் கடத்தலைத்தான் தடுக்கிறது என்ற முடிவுகளுக்கு வந்தார். பாக்டீரியா என்ற கருத்தே மருத்துவத்தில் வேரூன்றாத காலத்தில் இவ்வளவு தூரம் போனது வியப்புக்குரியது. மிகச் சிறிய அளவில் கொடுத்தால் கட்டுக்கடங்காமல் ஆடும் தசைகளை இந்த நஞ்சால் அமைதிப்படுத்தலாம் என்றும் அவர் எழுதிவைத்தார்.

நஞ்சை உண்டாக்குவது எது என்பதற்கான விடை பெல்ஜியத்தின் எல்லெஸெல் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. 1895 டிசம்பரில் அங்கே ஓர் இறுதிச் சடங்கில் வாசித்த இசைக்குழுவினர், உப்புநீரில் ஊறவைத்த பன்றித்தொடை இறைச்சியைச் சமைக்காமல் உண்டார்கள். 34 பேர் நோயுற்றார்கள், 3 பேர் இறந்தார்கள். கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமீல் வான் எர்மெங்கெம் மிஞ்சிய இறைச்சியையும் இறந்த ஒருவரின் மண்ணீரலையும் ஆராய்ந்து, இரண்டிலும் ஒரே பாக்டீரியாவைக் கண்டார். அதே பன்றியின் இன்னொரு தொடையைத் தின்றவர்களுக்கு எதுவும் நேரவில்லை. அந்தத் தொடை பீப்பாயின் மேற்புறம் இருந்தது. நஞ்சேறியதோ உப்புநீரில் மூழ்கிக் காற்றுப் படாமல் அடியில் கிடந்தது. இந்தப் பாக்டீரியா உடலுக்குள் பெருகி நோய் தருவதில்லை, உணவிலேயே வளர்ந்து நஞ்சைச் சேர்த்து வைக்கிறது, உண்பவரைத் தாக்குவது அந்தத் தயார் நஞ்சுதான் என்று 1897இல் அவர் வெளியிட்டார். பச்சிளங்குழந்தைகளின் குடலிலும் ஆழமான காயங்களிலும் இது வளர்ந்து நஞ்சு சுரக்கக்கூடும் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது.

ரணஜன்னியின் வரலாறு இதைவிட நீளமானது. ஹிப்போக்கிரட்டீஸ் பெயரில் உள்ள கிரேக்க மருத்துவ நூல்களிலேயே அதன் விவரிப்பு இருக்கிறது. ஆனால் அது தொற்றக்கூடியது என்பது 1884இல்தான் உறுதியாயிற்று. அந்த ஆண்டில் இத்தாலியின் டூரினில் கார்லேயும் ரட்டோனேயும் இறந்த நோயாளியின் சீழை முயல்களுக்குச் செலுத்தி நோயை வரவழைத்தார்கள். அதே ஆண்டில் கோட்டிங்கன் நகரில் நிக்கோலையர் தோட்டத்து மண்ணை விலங்குகளின் தோலடியில் வைத்து அதே விளைவைக் கண்டார். பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுப்பது மட்டும் யாருக்கும் கைகூடவில்லை. 1889இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் கூடத்தில் பணியாற்றிய ஜப்பானியர் கிட்டசாட்டோ ஷிபாசபுரோ சீழை 80 பாகை செல்சியசில் சூடாக்கினார். மற்றக் கிருமிகள் மாண்டன, டெட்டனஸின் வித்துகள் மட்டும் பிழைத்தன. அவற்றை ஹைட்ரஜன் நிரப்பிய கலத்தில் வளர்த்துத் தூய வளர்ப்பைப் பெற்றார். அடுத்த ஆண்டே டென்மார்க்கின் க்னூட் ஃபேபர், பாக்டீரியாவை வடிகட்டி நீக்கிய திரவம் மட்டுமே ரணஜன்னியை உண்டாக்கும் என்று காட்டினார். 1890 டிசம்பரில் பெஹ்ரிங்கும் கிட்டசாட்டோவும் அந்த நஞ்சை முறிக்கும் பொருள் நோய் எதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதியில் உண்டாவதை அறிவித்தார்கள்.

இப்படி 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இரு நஞ்சுகளும் அடையாளம் காணப்பட்டுவிட்டன. அவை எங்கே, எதைச் செய்கின்றன என்ற கேள்வி அடுத்த நூற்றாண்டுக்கு மிஞ்சியது. போட்டுலினத்துக்கு விடை 1949இல் கிடைத்தது. லண்டனில் பர்கன், டிக்கன்ஸ், ஸாட்மன் மூவரும் எலியின் உதரவிதானத்தை அதன் நரம்போடு சேர்த்து எடுத்துச் சோதித்தார்கள். நஞ்சு கொடுத்த பிறகும் நரம்பில் மின்துடிப்பு ஓடியது. தசைமேல் அசிட்டைல்கோலினை நேரடியாக இட்டால் தசையும் சுருங்கியது. நரம்பு முனை அந்த அசிட்டைல்கோலினை வெளியே விடுவது மட்டும் நின்றுபோயிருந்தது. செய்தி கடைசி அடியில் தடைபட்டதால் தசை தளர்ந்து கிடக்கிறது.

டெட்டனஸுக்கு முதல் துப்பு 1905இலேயே கிடைத்திருந்தது. தாடையைத் திறக்கச் செய்யும் தூண்டலை, டெட்டனஸ் நஞ்சேறிய விலங்குக்குக் கொடுத்தால் தாடை திறப்பதற்குப் பதிலாக மூடிக்கொள்வதை ஆங்கில உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் கவனித்தார். ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிர்த்தசையை அடக்கி வைக்கும் ஆணை தண்டுவடத்திலிருந்து வரவேண்டும். அந்த அடக்கும் ஆணைதான் காணாமல் போகிறது. 1950களில் கான்பெராவில் ஷெரிங்டனின் மாணவர் ஜான் எக்கல்ஸும் புரூக்ஸ், கர்ட்டிஸ் ஆகியோரும் பூனைகளின் தண்டுவட நரம்பணுக்களிலிருந்து மின் அளவீடு எடுத்து இதை உறுதிசெய்தார்கள். தசையை இயக்கும் நரம்பணுவுக்கு வரும் தடுப்புச் செய்திகளை டெட்டனஸ் நஞ்சு அணைத்துவிடுகிறது. தடுப்பு இல்லாத நரம்பணு ஓயாமல் ஏவுகிறது. எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகுகின்றன.

ஷெரிங்டன் கண்ட அந்தத் தலைகீழ் எதிர்வினை இன்று நோயாளியின் கட்டிலருகே ஒரு சோதனையாகிவிட்டது. தொண்டையின் பின்சுவரை நாக்குத்தட்டையால் தொட்டால் சாதாரண மனிதர் குமட்டி அதை வெளியே தள்ளுவார். ரணஜன்னி உள்ளவரின் தாடை அதைக் கவ்விக்கொள்ளும். மும்பையில் ஆப்தேயும் கர்னாடும் 400 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1995இல் வெளியிட்டார்கள். ரணஜன்னி இருந்தவர்களில் 94 விழுக்காட்டினரிடம் சோதனை நோயைக் காட்டியது, நோய் இல்லாத எவரையும் தவறாகக் காட்டவில்லை. குருதிச் சோதனையால் ரணஜன்னியை விரைவாக உறுதிசெய்ய வழியில்லாத நிலையில் இது பெரிய உதவி.

இரண்டு நஞ்சுகளும் வெவ்வேறு இடத்தில் போய் நிற்பதற்குக் காரணம் அவற்றின் பயணம். இரண்டும் ஒரு கனத்த சங்கிலியும் ஒரு லேசான சங்கிலியும் இணைந்த புரதங்கள். கனத்தது நரம்பு முனையைப் பற்றி உள்ளே நுழைய வழிசெய்யும், லேசானது உள்ளே போய் வேலையைச் செய்யும். போட்டுலினம் தசையை ஒட்டிய நரம்பு முனையில் நுழைந்து அங்கேயே வேலையைத் தொடங்குகிறது. டெட்டனஸ் நஞ்சும் அதே முனையில்தான் நுழைகிறது. ஆனால் அங்கே நிற்காமல் நரம்பிழையின் உள்ளேயே பின்னோக்கி ஏறித் தண்டுவடத்தை அடைகிறது. அங்கே அந்த நரம்பணுவை விட்டு வெளியேறி, அதை அடக்கி வைக்கும் பக்கத்துத் தடுப்பு நரம்பணுவுக்குள் புகுகிறது. காயம் பட்டதற்கும் நோய் தோன்றுவதற்கும் இடையே பெரும்பாலும் 3 முதல் 21 நாள் இடைவெளி இருக்கிறது. இந்த இடைவெளி குறுகக் குறுக நோய் கடுமையாகும். நஞ்சு குருதியில் பரவும்போது நீளம் குறைந்த நரம்புகளின் வழியாக முதலில் வந்து சேர்வதால், காலில் முள் குத்தியவருக்கும் தாடைதான் முதலில் பூட்டுகிறது.

கடைசி முடிச்சு 1992இல் இத்தாலியின் படுவா நகரில் அவிழ்ந்தது. சீசரே மொன்டெக்குக்கோவும் ஜாம்பியேத்ரோ ஸ்கியாவோவும் உடன் ஆய்ந்தவர்களும் டெட்டனஸ் நஞ்சின் லேசான சங்கிலி துத்தநாகம் தாங்கிய, புரதம் வெட்டும் நொதி என்று கண்டறிந்தார்கள். நரம்பு முனையில் வேதிச் செய்திகள் நுண்பைகளில் அடைபட்டிருக்கும். நுண்பையின் மேலுள்ள சினாப்டோபிரெவின் என்ற புரதமும் முனைச் சவ்விலுள்ள வேறு இரண்டு புரதங்களும் கயிறு திரிப்பதுபோல முறுக்கிக்கொண்டு நுண்பையைச் சவ்வோடு இழுத்துச் சேர்த்தால்தான் செய்தி வெளியே வரும். டெட்டனஸ் நஞ்சு வெட்டுவது சினாப்டோபிரெவினை. போட்டுலினம் நஞ்சின் பி வகை வெட்டுவதும் அதையே, அதுவும் 76ஆவது, 77ஆவது அமினோ அமிலங்களுக்கு இடையிலுள்ள அதே பிணைப்பில். வெட்டு ஒன்று, வெட்டுப்படும் நரம்பணு வேறு. தசையை இயக்கும் முனை அறுபட்டால் தளர்ச்சி, அதை அடக்கும் முனை அறுபட்டால் இறுக்கம். எலிகளுக்கு இவ்விரண்டு நஞ்சுகளையும் தாங்கும் வலிமை அதிகம். அவற்றின் சினாப்டோபிரெவினில் ஒரு வடிவம் சரியாக அந்த இடத்தில் வேறு அமினோ அமிலத்தைக் கொண்டிருப்பது அதற்கு விளக்கமாயிற்று. போட்டுலினத்தின் ஏ வகை சற்று விலகி, சவ்விலுள்ள ஸ்னாப்-25 என்ற புரதத்தை வெட்டுகிறது.

நோயின் போக்கும் சிகிச்சையின் எல்லையும் இதிலிருந்தே புரியும். நஞ்சுமுறி மருந்து குருதியில் திரியும் நஞ்சைத்தான் முறிக்கும், நரம்பணுவுக்குள் போய்விட்டதை எட்டாது. ஆகவே உள்ளே நடக்கும் வெட்டு ஓய்ந்து நரம்பு முனைகள் சீராகும்வரை, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நோயாளியின் மூச்சைக் காப்பதுதான் சிகிச்சை. ரணஜன்னியில் இழுப்பைக் கட்டுப்படுத்த மக்னீசியம் சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் முறையைக் கொழும்பில் அட்டிகலவும் ரொட்ரிகோவும் 1990களில் வளர்த்தெடுத்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவிகள் போதாத மருத்துவமனைகளுக்காகவே அதை யோசித்தார்கள்.

கெர்னரின் ஊகம் சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட்டின் கையில் மெய்யானது. மாறுகண்ணைச் சரிசெய்ய, அளவுக்கு மீறி இழுக்கும் கண்தசையில் ஏ வகை நஞ்சைச் சிறிதளவு செலுத்தும் முறையை முதலில் குரங்குகளிலும், பிறகு மனிதரிலும் அவர் நிறுவினார். அமெரிக்க அரசு 1989இல் இதற்கு ஒப்புதல் தந்தது. முகச்சுருக்கம் நீக்கும் போடாக்ஸ் ஊசியாகப் பலர் அறிந்தது இதன் பிந்தைய பயன்தான்.

தடுப்பூசி விஷயத்தில் இரண்டும் பிரிகின்றன. ஃபார்மலினால் வலுவிழக்கச் செய்த டெட்டனஸ் நஞ்சை 1924இல் பிரான்சின் தெகோம்பே தடுப்பூசியாக்கினார். கர்ப்பிணிகளுக்குப் போடும் இந்த ஊசியாலும் தூய்மையான பிரசவத்தாலும் தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. மண்ணிலுள்ள வித்துகள் அழியவில்லை, ஆகவே ஊசியை நிறுத்த முடியாது. ரணஜன்னியிலிருந்து பிழைத்தவருக்கும் அந்த ஊசி தேவை. உயிரைப் பறிக்கும் நஞ்சின் அளவு அவ்வளவு சிறியது. உடலின் எதிர்ப்பாற்றலை விழிக்கச் செய்ய அது போதாது. போட்டுலினத்துக்கு எல்லோருக்குமான தடுப்பூசி போடப்படுவதில்லை. நோய் அரிது என்பது ஒரு காரணம். தடுப்பூசி பெற்றவரின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் மருந்தாகச் செலுத்தும் போட்டுலினத்தையும் முறித்துவிடும் என்பது இன்னொரு காரணம். கழுத்து திருகிக்கொள்ளும் நோய்க்கு நெடுங்காலம் ஏ வகை ஊசி போட்டவர்களில் சிலருக்கு அத்தகைய எதிர்ப்பொருள் தானாகவே உருவாகி மருந்து பலிக்காமல் போவதுண்டு. அவர்களுக்குக் கொடுக்கப்படுவது பி வகை, டெட்டனஸ் நஞ்சு வெட்டும் அதே பிணைப்பை வெட்டும் வகை.