இயன்றதைத் தரும் நிகழ்வுகளில் வருகையும் வசூலும்: அபர்டீன் பஜாரை முன்வைத்து

நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டு ‘இயன்றதைத் தாருங்கள்’ என்று அறிவித்தால் கூட்டம் கூடும், வசூல் குறையும் என்பதே நிகழ்ச்சி அமைப்பாளர்களின் பொதுக் கணிப்பு. இந்தக் கணிப்பின் இரு பாதிகளும் ஐயத்துக்குரியவை. வருவோர் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது மானம். வசூலைத் தீர்மானிப்பது அதிகம் தரக்கூடிய ஒரு சிலரின் வருகை. இவ்விரண்டையும் தனித்தனியே கணக்கிடாத முன்மதிப்பீடு பயன்படாது.

முதலில் வருகை. அய்லெட் நீசி, யூரி நீசி முதலிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கள ஆய்வுகள் இங்கே முக்கியமானவை. விலையை வாங்குபவரே முடிவு செய்யலாம் என்றபோது, குறைந்த நிலையான விலையில் வாங்கியவர்களைவிடக் குறைவானவர்களே பல நேரங்களில் வாங்கினார்கள். தகுந்த விலைக்குக் கீழே கொடுத்தால் தம்மைப் பற்றித் தமக்கே தாழ்வாகத் தோன்றும் என்பதால் வாங்காமலே விலகினார்கள். வியன்னாவின் ஓர் உணவகத்தில் இதே ஆய்வாளர்கள் கண்டது இன்னும் வியப்பானது: பிறர் பார்க்கக் கொடுத்தபோது கிடைத்ததைவிட, யார் எவ்வளவு கொடுத்தார் என்று தெரியாத நிலையில் அதிகம் கிடைத்தது.

அந்தமானின் அபர்டீன் பஜாருக்கு இது நேராகப் பொருந்துகிறது. மணிக்கூண்டைச் சுற்றிய கடைத்தெருவில் முதலாளி, கடைப்பையன், அலுவலர், கூலித் தொழிலாளி எல்லாருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். அங்கே வாசலில் மேசை போட்டு நோட்டில் பெயரெழுதிப் பணம் வாங்கினால், ஐம்பது ரூபாய் மட்டுமே தரக்கூடியவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். மொய் எழுதிப் பழகிய நம்மிடம் இந்தக் கூச்சம் ஆழமானது. மொய்நோட்டில் பெயரும் தொகையும் என்றைக்கும் நிற்கும். ஆகவே ஒட்டிய உறையும் பூட்டிய பெட்டியும் வேண்டும். கைபேசி வழிப் பணம் பெயரைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், அதை மட்டுமே நம்பக் கூடாது. ‘பரிந்துரைக்கும் தொகை ரூ. 200’ என்று மட்டும் அச்சிடுவதும் தவறு. 200, 100, 20, எதுவும் இல்லாமலும் வரலாம் என்று கீழ்ப்படியையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும்.

இனி வசூல். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். 300 இருக்கை கொண்ட மண்டபத்தில் ஒரு தமிழ் நாடகம். மண்டபம், ஒலி, ஒளி, நடிகர் செலவு ரூ. 24,000, தேநீருக்குத் தலைக்கு ரூ. 15. ரூ. 200 சீட்டு வைத்தால் 120 பேர் வருவார்கள் என்று கொள்வோம். வரவு 24,000, செலவு 25,800, பற்றாக்குறை 1,800.

சீட்டை எடுத்துவிட்டால் 200 பேர் வரக்கூடும். இவர்களுக்குச் சராசரி ஒன்றைப் போட்டுப் பெருக்குவதுதான் வழக்கமான பிழை. மூன்றாகப் பிரிக்க வேண்டும். கடை முதலாளிகள் 30 பேர் சராசரி ரூ. 400 தந்தால் 12,000. சம்பளக்காரக் குடும்பத்தினர் 70 பேர் ரூ. 150 வீதம் 10,500. தொழிலாளர்களும் மாணவர்களும் 100 பேர், வெறும் உறைகளையும் சேர்த்துச் சராசரி ரூ. 30 என்றால் 3,000. மொத்தம் 25,500, செலவு 27,000, பற்றாக்குறை 1,500. ஏறக்குறைய அதே பற்றாக்குறையில் 80 பேர் கூடுதலாக நாடகம் பார்க்கிறார்கள்.

இப்போது கணக்கை அசைத்துப் பார்ப்போம். மூன்றாம் பிரிவில் 50 பேர் வராவிட்டால் பற்றாக்குறை 2,250 ஆகிறது. முதலாளிகளில் 15 பேர் வராவிட்டால் அது 7,275க்குத் தாவுகிறது. கடை அடைக்குமுன் திரை தூக்கினால் நடப்பது இதுதான். தீவில் சீக்கிரம் இருட்டிவிடுகிறதே என்று மாலையிலேயே தொடங்கத் தோன்றும். ஆனால் வியாபாரம் நடக்கும் நேரத்தில் முதலாளி கல்லாவை விட்டு எழமாட்டார். எனவே தொடங்கும் நேரத்தைக் கடைத்தெருவைக் கேட்டு முடிவு செய்வதே வசூலுக்கான முதல் வேலை. மழைக்கென ஒரு தாழ்ந்த மதிப்பீட்டையும் தனியே போட்டு, அந்தத் தொகைக்குள் மட்டுமே முன்பணம் கொடுக்க வேண்டும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஓர் ஆள் கூடினால் செலவு சிறிதளவே கூட வேண்டும். மண்டபத்தில் இடமும் மிஞ்ச வேண்டும். மனம்போல் தரச்சொல்லும் அன்னலட்சுமி உணவகங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாப்பாட்டிலேயே இதைச் செய்துகாட்டின. அங்கே தன்னார்வலர்களின் உழைப்பு செலவைத் தாங்கியது. இலை போட்டு விருந்து வைக்கும் விழாவுக்கு, அத்தகைய உழைப்பு இல்லாமல், இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் நிகழ்வு முடிந்த இரவே தலைகளையும் உறைகளையும் வெவ்வேறாக எண்ணுங்கள். நோட்டுகளை மதிப்பு வாரியாக அடுக்குங்கள். 500 ரூபாய் நோட்டுகள் எத்தனை என்பதிலிருந்தே அடுத்த நிகழ்வின் மதிப்பீட்டைத் தொடங்குங்கள். வெறும் உறைகள் அதிகமாக இருந்தால் அஞ்ச வேண்டாம். உறையே வாங்காமல் திரும்பியவர்கள் இருந்தார்களா என்று வாசலில் நின்றவரிடம் கேளுங்கள்.