வாசிக்க முடியாத முத்திரை: அரபு மொழிபெயர்ப்பில் ஒரு பழைய ஒழுங்கு

தமிழில் ‘முத்திரை’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல சாமான்களைப் போட்டு வைத்திருக்கிறோம். கடிதத்தில் ஒட்டுவதும் முத்திரை, பதிவாளர் மையில் தோய்த்துக் குத்தும் றபர் சீலும் முத்திரை, மையே இல்லாமல் தாளை அழுத்திப் புடைக்க வைக்கும் இரும்புச் சீலும் முத்திரை. அரபு மொழி இப்படி விட்டுவிடாது. குத்துவது ‘கத்ம்’, ஒட்டுவது ‘தாபிஃ’, புடைத்து நிற்பது ‘கத்ம் பாரிஸ்’. எகிப்துக்காரர் வரி கட்டியதற்கு ஒட்டும் வில்லையை ‘தம்கா’ என்பார்கள். ஆகவே ஒரு பிறப்புச் சான்றிதழையோ விவாகச் சான்றிதழையோ அரபுக்குக் கொண்டுபோகும்போது, அந்த முத்திரை எந்த வகை என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தை வாசிப்பது அதற்குப் பிறகுதான்.

உர்தூ வழியாக ஓதி வந்தவர்களுக்கு இதில் இன்னொரு பொறி உண்டு. பாரசீகத்திலும் உர்தூவிலும் சீலுக்கு ‘முஹ்ர்’ என்று பெயர். மீம், ஹா, றா என்று மூன்று எழுத்தில் அதை எழுதி வைத்தால், அரபி வாசகர் அதை ‘மஹ்ர்’ என்றுதான் வாசிப்பார். விவாகச் சான்றிதழின் அடியில் “மஹ்ர் தெளிவில்லை” என்று ஒரு வரி வந்தால் காழியின் மேசையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சீலுக்கு நமது வரலாற்றில் பெரிய இடம் இருக்கிறது. அயல்நாட்டு மன்னர்கள் முத்திரை இல்லாத கடிதத்தை வாசிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்து அதில் ‘முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்’ என்று மூன்று வரிகளாகப் பொறிக்கச் செய்தார்கள். அந்த மோதிரம் பின்னர் உஸ்மான் (ரழி) அவர்களின் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்து, தேடியும் கிடைக்காமல் போனது. ஆனால் சீலுக்கு இவ்வளவு மதிப்பு இருந்தும் ஃபுகஹாக்கள் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லத் தயங்கினார்கள். ஒரு காழி இன்னொரு காழிக்கு எழுதும் கடிதம் சீல் வைக்கப்பட்டு வந்தாலும், அதைக் கொண்டுவரும் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பதே பெரும்பாலானவர்களின் நிலைப்பாடு. எழுத்து எழுத்தைப் போலிருக்கும், சீல் சீலைப் போலிருக்கும் என்பது அவர்களுடைய கவலை. 1869க்கும் 1876க்கும் இடையில் உஸ்மானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட மஜல்லாவின் 1736ஆம் பிரிவும் இதே நூலைப் பிடித்துத்தான் போகிறது. எழுத்தையும் சீலையும் மட்டும் வைத்துச் செயற்படலாகாது, மோசடிச் சந்தேகம் நீங்கியிருந்தால் செயற்படலாம் என்று அது சொல்கிறது. இன்றைய வளைகுடா அலுவலகங்களில் ஒரு சீலின் மேல் இன்னொரு சீல் கேட்கிறார்களே என்று நாம் சலித்துக் கொள்கிறோம். அந்தக் கேள்விக்கு வயது கொஞ்சமல்ல.

சீலில் உள்ளதை வாசிக்க முடியாவிட்டால் என்ன எழுதுவது? இதற்கும் நமது ஹதீஸ் பிரதியெழுத்தாளர்கள் வழி வைத்திருந்தார்கள். மூலத்தில் வெற்றிடம் இருந்தால் அதை அப்படியே விட்டு, ‘பயாழ்’ என்று குறித்தார்கள். ஐயமான சொல்லின் மேல் ‘கதா’, அதாவது ‘இப்படித்தான் இருக்கிறது’ என்று எழுதினார்கள். அறிவிப்பில் உறுதியாக வந்திருந்தும் பொருளிலோ இலக்கணத்திலோ பிழையாகத் தோன்றும் சொல்லின் மேல், ஸாத் எழுத்தின் தலையை நீட்டியது போன்ற ஒரு கோட்டை இழுத்தார்கள். இதற்குத் ‘தழ்பீப்’ என்று பெயர். காழீ இயாழும் (மரணம் 1149) இப்னுஸ் ஸலாஹும் (மரணம் 1245) இதை விளக்கியிருக்கிறார்கள். திருத்துகிற தகுதி இருந்தாலும் மூலத்தில் கை வைக்காதே, அடையாளம் மட்டும் போடு என்பதுதான் அந்த ஒழுங்கு. சான்றிதழ் மொழிபெயர்ப்பில் நாம் சதுர அடைப்புக்குள் இடும் ‘கைர் மக்ரூஃ’ (வாசிக்க முடியவில்லை) என்ற குறிப்பை அந்த ஒழுங்கின் பேரப்பிள்ளை என்றுதான் நான் நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாய் தன் மகன் மூலம் வட்ஸ்அப்பில் இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். கணவர் வளைகுடாவில் தொழில் செய்து அங்கேயே மௌத்தானவர். வாரிசுகளை நிரூபிக்க விவாகச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் அரபில் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் சிக்கலில்லை. விவாகச் சான்றிதழ்தான் வினை. அதை எப்போதோ லெமினேட் பண்ணி வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் புடைப்புச் சீல் தட்டையாகிப் போயிருந்தது. போதாததற்கு ஃபிளாஷ் அடித்து எடுத்த படம், நடுவில் வெள்ளை ஒளித்திட்டு. ஊதா மையில் குத்திய வட்டச் சீல் ஒன்று மஹர் தொகையின் மேல் விழுந்திருந்தது. ‘1’ தெரிகிறது, அடுத்த இலக்கம் சீலுக்குள் மறைந்திருக்கிறது, பிறகு ‘01’. தொகை எழுத்தில் இல்லை. மஹர் செலுத்தப்படவில்லை என்று பக்கத்தில் தெளிவாக இருந்தது.

இது சின்ன விஷயமல்ல. செலுத்தப்படாத மஹர் மௌத்தானவர் மீதுள்ள கடன். சொத்தைப் பங்கு வைக்க முதல் அதைக் கொடுத்து முடிக்க வேண்டும். அந்த ஒற்றை இலக்கம் அந்தத் தாயின் ஹக்கு.

மகன் போனில் சொன்னார்: “நானா, அது ஆயிரத்தி ஒண்டுதான். எங்கட ஊர்ல அந்தக் காலத்துல எல்லாருக்கும் அதுதானே. அப்படியே போட்டுடுங்களன்.”

நான் கேட்டேன்: “உம்மாட்டக் கேட்டீங்களா, தம்பி?”

“உம்மாக்கு ஞாபகமில்ல. வாப்பாவும் மூத்தவாப்பாவும் பேசி முடிச்சதாம்.”

அவர் சொன்ன ஊர் வழமை உண்மையாக இருக்கலாம். ஆனால் வழமை சான்றிதழில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் ‘1001’ என்று எழுதி ஒப்பமிட்டால், அரபியை மட்டும் வாசிக்கும் அதிகாரிக்கு அது பதிவாளர் எழுதிய தொகையாகவே தெரியும். ஊகம் என்று காட்ட அதில் ஒரு தடயமும் இராது.

முதலில் படத்தைச் சீர்செய்து பார்த்தேன். ஊதா மைக்கு ஒரு குணம் இருக்கிறது. வண்ணப் படத்திலிருந்து நீல ஒளிக்குரிய பகுதியை மட்டும் பிரித்து எடுத்தால் ஊதா வெளிறிவிடும், அடியில் இருக்கும் கறுப்பு எழுத்து கறுப்பாகவே நிற்கும். தட்டச்சில் அடித்த பத்திரத்தில் இது நன்றாக வேலை செய்யும். இங்கே எழுத்தும் நீலப் பேனாவில் இருந்ததால் இரண்டும் சேர்ந்து வெளிறின. பிறகு படத்தைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். ஃபிளாஷ் வேண்டாம், மேலே லைட் வேண்டாம், காலையில் யன்னலோரம் மேசையில் வைத்து வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விழும்படி எடுங்கள், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள் என்றேன். பக்க வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் நிழல் காட்டும். புடைப்புச் சீலை வாசிக்க இதைவிட நல்ல வழி இல்லை. சிலர் சீலின் மேல் பென்சிலால் தேய்ப்பார்கள். அது பத்திரத்தைப் பழுதாக்கும் வேலை, ஒருபோதும் கூடாது.

புதுப் படத்தில் புடைப்புச் சீலின் விளிம்பு வளைவு ஒன்றும் இரண்டு மூன்று எழுத்தும் எழும்பின. தொகையின் இடத்தில் பேனா அழுத்திய தடம் மங்கலாகத் தெரிந்தது. மேலே தட்டையான ஒரு கோடு. பூச்சியத்துக்கு அப்படிக் கோடு வராது. ஐந்தாக இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். அதற்கு மேல் என் கண்ணுக்கு எட்டவில்லை. “வாசிக்க முடியவில்லை என்றுதான் எழுதுவேன். ஆனால் அந்தப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதியைப் பதிவாளர் அலுவலகத்தில் புதிதாக எடுங்கள்” என்றேன். எப்படியும் அதை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. போன் படத்துக்குக் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி வைக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது சாய்ந்து நிற்கும் சுவர் பத்திரம்தான்.

இந்த இடத்தில் அரபுச் சொல் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘ஸூரா’ என்றால் படம், ‘ஸூரா’ என்றால் பிரதி. ‘ஸூரா திப்கல் அஸ்ல்’ என்பது மூலத்துக்கு ஒப்பானதென உறுதிப்படுத்திய பிரதி. ஆகவே, “ஸூராவிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது” என்று மட்டும் தலைப்பில் எழுதினால் அலுவலகம் அதை உறுதிப்படுத்திய பிரதி என்று எடுத்துக் கொள்ளக்கூடும். போனில் எடுத்த புகைப்படத்திலிருந்து, மூலத்தைப் பார்க்காமல் மொழிபெயர்க்கப்பட்டது என்று முழு வசனமாக எழுத வேண்டும்.

அந்த முதல் மொழிபெயர்ப்பில் சீல்களை நான் இப்படிக் குறித்தேன். மூலத்தின் நடுவில் ஊதா நிற வட்டச் சீல், ஓரத்து எழுத்துக்கள் பகுதியாக வாசிக்கக் கூடியவை, வாசித்த சொற்கள் இவை, மீதி வாசிக்க முடியவில்லை. மூலத்தின் இடப்புறம் கீழே நிறமற்ற புடைப்புச் சீல், எழுத்து வாசிக்க முடியவில்லை. பதிவாளரின் ஒப்பம் இருக்கிறது, பெயர் தெளிவில்லை. மஹர் தொகையின் இரண்டாம் இலக்கம் சீலின் கீழ் மறைந்துள்ளது. ‘மூலத்தின்’ என்ற சொல்லை ஒவ்வொரு இடத்திலும் போட்டதற்குக் காரணம், அரபுப் பக்கம் வலமிருந்து இடமாகப் போவதால் அட்டவணை கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிவிடும். வெறுமனே ‘இடப்புறம்’ என்றால் எந்தத் தாளின் இடப்புறம் என்ற குழப்பம் வரும். பின்பக்கத்தின் படம் எனக்கு வரவில்லை. அதற்குப் ‘பின்பக்கத்தில் சீல் இல்லை’ என்று எழுதலாகாது. ‘பின்பக்கம் காட்டப்படவில்லை’ என்பதே சரி. இல்லாதது, தெரியாதது, காட்டாதது மூன்றும் மூன்று வேறு கூற்றுகள். ஒரு பத்திரம் போலியா என்று பார்க்கிறவருக்கு அந்த வேறுபாடுதான் வேண்டும்.

பாதி தெரியும் சீலை அறிவால் நிரப்பும் ஆசை, விஷயம் தெரிந்தவருக்குத்தான் கூட வரும். முஸ்லிம் விவாகப் பதிவுக்கு இங்கே 1886இலும் 1929இலும் கட்டளைச் சட்டங்கள் வந்தன, 1951இன் 13ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்குப் பின் வந்தது. பத்திரத்தின் ஆண்டை வைத்து, மங்கிய சீலில் எந்த அலுவலகத்தின் பெயர் இருந்திருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். கட்டுரை எழுதும்போது சொல்வேன். மொழிபெயர்ப்பின் அடைப்புக்குள் அதற்கு இடமில்லை.

மூன்று கிழமையில் புதிய பிரதி வந்தது. தாளில் தெளிவான மை, புரியும் சீல். மஹர் 1501 ரூபா. மகன் சிரித்துக்கொண்டே, “எங்கட மூத்தவாப்பா கொஞ்சம் இறுக்கமான மனிசன்தான்” என்றார். இரண்டாவது மொழிபெயர்ப்பைப் புதிய பிரதியிலிருந்து செய்தேன். முந்தியதைத் திருத்தி அனுப்பவில்லை, அது வேறு தாளின் மொழிபெயர்ப்பு. தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதினேன். அரபு நாடுகளில் வழங்கும் இலக்கங்களில் ஐந்து வட்டமாகத்தான் இருக்கும், நமது பூச்சியத்தைப் போல. அங்கே பூச்சியம் ஒரு புள்ளி. இந்தத் தொகையை எழுத்தில் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.