கேட்கத் தயங்கிய கேள்வி: தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி விதிகள் உருவான வரலாறு

1935-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஒரு 14 வயதுச் சிறுமியின் இறுதிச் சடங்கை நடத்தினார். அவளுக்கு மாதவிடாய் தொடங்கியிருந்தது. அதை ஏதோ பால்வினை நோய் என்று நினைத்துப் பயந்து அவள் உயிரை விட்டிருந்தாள். ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் பயம் அது. இந்த மரணம் வாராவின் மனதில் தங்கிவிட்டது. 1953 நவம்பர் 2 அன்று, லண்டன் செயின்ட் ஸ்டீஃபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு இப்படித்தான் பிறந்தது.

அவரைப் பார்க்க நேரிலும் பலர் வந்தார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில தன்னார்வலர்கள் இருந்தார்கள். அவர்களிடம் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்காமலே மனம் இலேசாகித் திரும்பிப் போவதை வாரா கவனித்தார். 1954 பிப்ரவரியில் தொலைபேசிப் பொறுப்பை அந்தத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். அவர்களுக்குச் சொல்லித் தரப்பட்டது மிகச் சில விஷயங்கள்தான். நன்றாகக் கேள், அறிவுரை சொல்லாதே, தீர்ப்புச் சொல்லாதே, கேட்டதை வெளியே சொல்லாதே. அழைத்தவர் சம்மதிக்காமல் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை என்பதும் பொதுவான நெறியாக இருந்தது. தன் வாழ்வைப் பற்றிய முடிவு அவருடையது என்பது இதன் அடிப்படை. இந்த வழிமுறை பல நாடுகளுக்குப் பரவியது. சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கடலுக்கு அப்பால் இன்னொரு வழிமுறை வளர்ந்தது. 1958-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எட்வின் ஷ்னைட்மன், நார்மன் ஃபார்பரோ, ராபர்ட் லிட்மன் ஆகிய மூவரும் தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள. இவர்கள் உளவியலும் மனநல மருத்துவமும் படித்தவர்கள். 1960-களில் இவர்களும் தன்னார்வலர்களைத் தொலைபேசியில் உட்கார வைத்தார்கள். ஆனால் அவர்கள் கையில் ஒரு மதிப்பீட்டுத் தாளும் இருந்தது. அழைப்பவரின் வயது, அண்மையில் நேர்ந்த இழப்பு, முன்பு முயன்றது உண்டா, துணைக்கு யார் இருக்கிறார்கள், திட்டம் ஏதும் உண்டா என்று விசாரித்து ஆபத்தின் அளவைக் கணிக்க வேண்டும். மற்றவற்றைவிடத் திட்டம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதற்கே அதிக எடை. ஆபத்து அதிகம் என்றால் அனுபவமுள்ளவரிடம் கலந்து பேச வேண்டும். மேல்நிலைக்குக் கொண்டுபோகும் விதி என்று இன்று சொல்வதன் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

தாளில் விதி இருந்தது சரி, தொலைபேசியில் அது நடந்ததா? கணக்கு சரியாக இருக்கிறது என்று நிறுவனமே சொன்னால் போதாது, தணிக்கையாளர் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தத் தணிக்கை 2000-களில்தான் பெரிய அளவில் நடந்தது. மாண்ட்ரியல் நகர ஆய்வாளர் பிரையன் மிஷாராவும் குழுவினரும், அமெரிக்காவில் ஒரே தேசிய எண்ணின் கீழ் இயங்கிய 14 மையங்களில் 2,611 அழைப்புகளைப் பக்கத்தில் இருந்து மௌனமாகக் கேட்டார்கள். 2007-இல் முடிவுகள் வெளியாயின. நெருக்கடி அழைப்புகளில் கிட்டத்தட்ட பாதியில், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று யாருமே கேட்கவில்லை! தற்கொலைத் தடுப்பு எண்ணை அழைத்தவரிடமே அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

இதற்கு அலட்சியம் மட்டும் காரணம் அல்ல. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. இந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நிம்மதியே அடைகிறார்கள். இன்னொரு காரணம், 'ஆமாம்' என்று பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாதது. அடுத்த படி தெரியாதவர் முதல் படியில் காலே வைக்க மாட்டார்.

எனவே 2007-இல் அமெரிக்கத் தேசியத் தற்கொலைத் தடுப்புச் சேவை, தன் மையங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான வரையறை ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் எல்லோரிடமும் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். இப்போது தற்கொலை எண்ணம் இருக்கிறதா? கடந்த இரண்டு மாதங்களில் இருந்ததா? எப்போதாவது முயன்றது உண்டா? ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் முழு மதிப்பீடு தொடங்கும். அதில் நான்கு பகுதிகள்: சாக வேண்டும் என்ற விருப்பம், அதைச் செய்யக்கூடிய நிலை, உடனே செய்யும் நோக்கம், அவரைப் பிடித்து வைத்திருக்கும் பிடிமானங்கள்.

பயிற்சியில் இதை நடித்துப் பார்ப்பார்கள். ஒரு கற்பனை அழைப்பை எடுத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. பயிற்சியாளர், வேலை இழந்த ஒருவராகப் பேசுகிறார்: "நான் இல்லாம இருந்தா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க." புதியவர் உடனே, "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்கிறார். பயிற்சியாளர் அங்கேயே நிறுத்துவார். அந்தப் பதில் கதவைச் சாத்திவிட்டது. மறுபடி தொடங்குகிறார்கள். "ரொம்பத் தளர்ந்து போயிருக்கீங்க. தற்கொலை செஞ்சுக்கலாம்னு நினைக்கிறீங்களா?" சற்று மௌனம். "ஆமாம்." இது விருப்பம். எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா, அதற்கானது பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்கிறார். இருக்கிறது என்கிறார் அழைத்தவர். இது செய்யக்கூடிய நிலை. "இன்னைக்கு ராத்திரியேவா?" "தெரியலை." நோக்கம் உறுதியாகவில்லை. பக்கத்து அறையில் தம்பி தூங்குகிறான் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார். இது பிடிமானம், இனி இதைத்தான் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். "தம்பியை எழுப்பி அதை அவர்கிட்ட கொடுக்க முடியுமா? நான் லைன்லயே இருக்கேன்."

அவர் ஒத்துக்கொண்டால் சம்மதத்தோடு முடிந்தது. மறுநாள் அழைத்து விசாரிக்க ஏற்பாடு செய்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால்? இதற்கான விதி 2010-11 காலத்தில் வந்தது. முதலில் அழைத்தவரையே தன் பாதுகாப்புக்குப் பங்காளி ஆக்க முயல வேண்டும். குறைந்த தலையீட்டில் முடியுமானால் அதுவே முதல் வழி. உயிர் உடனடி ஆபத்தில் இருந்து, எந்த வழிக்கும் அவர் வராவிட்டால், சம்மதம் இல்லாமலும் அவசர உதவியை அனுப்ப வேண்டும். முயற்சி ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. இந்த முடிவைத் தன்னார்வலர் தனியாகச் சுமக்கக் கூடாது என்பதால், எந்த நேரத்திலும் கலந்து பேச ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். அனுப்பியதோடு கடமை முடிவதில்லை. உதவி போய்ச் சேர்ந்ததா என்றும் உறுதி செய்ய வேண்டும்.

விதி வந்தபின் நிலைமை என்ன? உடனடி ஆபத்தில் இருந்தவர்களின் அழைப்புகளைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வில், சுமார் முக்கால் பங்கு அழைப்புகளில் அழைத்தவரின் ஒத்துழைப்பைப் பெற முடிந்தது. சுமார் கால் பங்கில் ஒத்துழைப்பு இல்லாமலே உதவி அனுப்பப்பட்டது. அந்தக் கால் பங்கில்தான் பழைய விவாதம் இன்னும் தொடர்கிறது. வாசலில் போலீஸ் வந்து நிற்கும் என்று பயப்படுபவர் அடுத்த முறை அழைக்காமல் இருந்துவிடலாம். அனுப்பாமல் விட்டால் அடுத்த முறை என்பதே இல்லாமல் போகலாம். வாராவின் வழி முதல் பயத்தைப் பெரிதாக நினைத்தது, அமெரிக்க வழி இரண்டாவதை.

ஆனால் இந்த இரண்டு வழிகளும் இன்று ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கேள்வியை நேராகக் கேட்டே ஆக வேண்டும். லிங்கன் நகரச் சிறுமி தன் பயத்தை யாரிடமும் கேட்கவில்லை. அவளிடமும் யாரும் கேட்கவில்லை.