மால்ட் சத்துப் பானம்

மால்ட் சத்துப் பானம் என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை (பார்லி), கோதுமை மாவு, பால் பொருட்கள், சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு செய்யப்பட்டு, உயிர்ச்சத்துகளும் கனிமங்களும் சேர்க்கப்பட்ட மாவைப் பாலில் கலந்து பருகும் பானம் ஆகும். ஹார்லிக்ஸ், போர்ன்விட்டா, பூஸ்ட் ஆகியவை இந்தியாவில் பரவலாக அறியப்பட்ட வணிகப் பெயர்கள். காம்ப்ளான் மால்ட் அடிப்படையிலானது அன்று. அது பால் புரதத்தை முதன்மையாகக் கொண்டது. எனினும் அதுவும் இவற்றுடன் ஒரே வரிசையில் விற்கப்படுகிறது. இந்தியாவில் இவற்றின் விற்பனை தெற்கிலும் கிழக்கிலும் மிகுதி. குழந்தைகளின் உயரத்தையும் வலிமையையும் கூட்டுவதாக இவை நெடுங்காலம் விளம்பரப்படுத்தப்பட்டன. ஒரு கோப்பைப் பானத்தில் உள்ள புரதத்திலும் சுண்ணாம்புச் சத்திலும் பெரும்பகுதி பாலிலிருந்து வருகிறது. மாவு முதன்மையாகச் சேர்ப்பவை சர்க்கரை, மாச்சத்து, சிறிதளவு புரதம், செயற்கையாகக் கலக்கப்பட்ட நுண்ணூட்டச் சத்துகள் ஆகியவையே.

வரலாறு

இங்கிலாந்தில் பிறந்த ஜேம்சு ஹார்லிக், வில்லியம் ஹார்லிக் என்னும் உடன்பிறந்தார் இருவரும் 1873 இல் ஐக்கிய அமெரிக்காவின் சிகாகோவில் தம் நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னர் அது விசுகான்சின் மாநிலத்தின் இரேசின் நகருக்கு மாறியது. பாலுடன் கலந்து உலர்த்திய மால்ட் மாவுக்கு 1883 இல் அவர்கள் காப்புரிமை பெற்றனர். தூய பால் கிடைப்பது அரிதாயிருந்த அக்காலத்தில் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் எளிதில் செரிக்கக்கூடிய, கெடாமல் வைத்திருக்கக்கூடிய உணவாகவே இது விற்கப்பட்டது. உயரம் பற்றிய பேச்சு அப்போது இல்லை.

முதல் உலகப் போருக்குப் பின் நாடு திரும்பிய படைவீரர்கள் வழியாக இந்தியாவில் ஹார்லிக்ஸ் பரவியது. பஞ்சாபின் நாபாவில் இதற்கான தொழிற்சாலை அமைந்தது. போர்ன்விட்டா 1948 இல் இந்தியாவில் அறிமுகமானது. நீண்ட காலம் நோயுற்றோருக்கு வாங்கிச் செல்லும் பொருளாகக் கருதப்பட்ட இம்மாவுகள், பின்னர் பள்ளிக் குழந்தைகளுக்கான பொருளாக மாற்றி விளம்பரப்படுத்தப்பட்டன. ஹார்லிக்ஸ் 2020 இல் இந்துசுத்தான் யூனிலீவர் நிறுவனத்தின் உடைமையானது.

தயாரிப்பு முறை

வாற்கோதுமையை ஊறவைத்துச் சில நாட்கள் முளைக்க விட்டால், தானியத்திலுள்ள மாச்சத்தை உடைக்கும் நொதியங்கள் உருவாகின்றன. முளைத்த தானியத்தை மிதமான வெப்பக் காற்றில் உலர்த்தினால் முளைப்பு நின்றுவிடும். நொதியங்கள் அழியாமல் தங்கும். இவ்வாறு உலர்த்தப்பட்ட தானியமே மால்ட் எனப்படுகிறது.

மால்ட்டை உடைத்துக் கோதுமை மாவுடனும் வெந்நீருடனும் சேர்த்து வைக்கும்போது, நொதியங்கள் மாச்சத்தை மால்ட்டோசு என்னும் சர்க்கரையாகவும் அதைவிட நீண்ட சங்கிலிகளாகவும் மாற்றுகின்றன. இக்கூழை வடிகட்டிக் கிடைக்கும் இனிப்பு நீருடன் பால் பொருட்களைச் சேர்த்து, காற்றழுத்தம் குறைந்த கலன்களில் நீரை வற்றச் செய்து, உலர்ந்த கட்டியைப் பொடியாக்குவர். சர்க்கரை, கொக்கோ, உயிர்ச்சத்து–கனிமக் கலவை ஆகியவை பொருளுக்கேற்ப வெவ்வேறு கட்டங்களில் சேர்க்கப்படும்.

தானியத்தின் மாச்சத்து எளிதில் செரிக்கும் நிலைக்கு வருவதே மால்ட்டாக்கலின் பயன். இதனால் புதிய புரதம் உண்டாவதில்லை. எலும்பை நீளச் செய்யும் பொருள் எதுவும் தோன்றுவதுமில்லை. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைக்கும் தமிழ்நாட்டு வழக்கமும் இதே மால்ட்டாக்கலே.

ஒரு கோப்பையில் உள்ளவை

ஐந்து வயதுக் குழந்தை நாள்தோறும் இருவேளை சாக்லேட்டுச் சுவையுள்ள மால்ட் பானம் பருகுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வேளையும் 200 மில்லிலீட்டர் பாலும் 20 கிராம் மாவும் கலக்கப்படுகின்றன. வீட்டில் மேலும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை (5 கிராம்) போடப்படுகிறது. இவ்வகை மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 7 கிராம் புரதமும் 32 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் இருக்கும்.

புரதம்: 40 கிராம் மாவிலிருந்து கிடைப்பது 3 கிராமுக்கும் குறைவு. 400 மில்லிலீட்டர் பசும்பாலிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 13 கிராம். இவ்வயதுக் குழந்தைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் பரிந்துரைத்த அளவு நாளொன்றுக்கு 16 கிராம். கோப்பையின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பாலினுடையது என்பது இதனால் விளங்கும். ஒரு கோழி முட்டையில் உள்ள ஏறத்தாழ 6 கிராம் புரதம், அந்நாளைய இரு கரண்டி மாவிலும் உள்ளதைப் போல் இரு மடங்காகும்.

சர்க்கரை: மாவிலிருந்து 13 கிராம், வீட்டில் போட்டது 10 கிராம், ஆக 23 கிராம். ஒரு நாளைய ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மேல் இத்தகைய சர்க்கரையிலிருந்து வரக்கூடாது என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது மேலும் நன்று என்றும் உலக சுகாதார அமைப்பு 2015 இல் கூறியது. நாளுக்கு 1400 கலோரி உண்ணும் குழந்தைக்கு இவை முறையே 35 கிராமும் 17.5 கிராமும் ஆகும். எனவே மிட்டாய், பிசுகோத்து எதையும் உண்ணும் முன்னரே இக்குழந்தை மேல் வரம்பில் மூன்றில் இரு பங்கை எட்டிவிடுகிறது. கீழ் வரம்பைக் கடந்தும் விடுகிறது.

சாக்லேட்டு இல்லாத மால்ட் மாவுகளில் புரதம் சற்றுக் கூடுதல். 100 கிராமுக்கு 11 கிராம் புரதமுள்ள மாவில் 27 கிராம் எடுத்தால் 3 கிராம் கிடைக்கும். பாலுக்குப் பதில் நீரில் கலந்து கொடுத்தால் குழந்தைக்குக் கிடைக்கும் புரதம் இந்த 3 கிராம் மட்டுமே. விலை காரணமாகப் பாலைக் குறைத்து மாவை வாங்கும் குடும்பங்களில் ஏற்படும் இழப்பு இதுவாகும்.

நுண்ணூட்டச் சத்துகள்

மாவு உண்மையில் கூடுதலாகத் தருவது உயிர்ச்சத்து–கனிமக் கலவையே. பாலில் குறைவாக உள்ள இரும்பு, உயிர்ச்சத்து சி, உயிர்ச்சத்து டி முதலியவை இதில் சேர்க்கப்படுகின்றன. காய்கறி, பருப்பு, முட்டை போதிய அளவு உண்ணாத குழந்தைக்கு இவை பயன்படக்கூடும். பலவகை உணவு உண்ணும் குழந்தைக்கு இவற்றால் கிடைக்கும் மிகைப் பயன் சிறிது.

நுண்ணூட்டப் பொடிகளைக் குழந்தைகளின் உணவில் கலந்து கொடுத்துச் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, இரத்தசோகை குறைந்தமை தெளிவாகக் காணப்பட்டது. உயரத்தில் அத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை. குறைபாட்டை நீக்குவது வேறு, குறைபாடில்லாத குழந்தையை மேலும் வளரச் செய்வது வேறு.

இரத்தசோகை உள்ள குழந்தைக்குச் சத்துப் பானம் மருந்தாகாது. ஒரு கோப்பை மாவில் உள்ள இரும்பு சில மில்லிகிராம் அளவே. மேலும் பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இந்திய அரசின் இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தில் 5 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை தரப்படும் இளஞ்சிவப்பு நிற மாத்திரையில் 45 மில்லிகிராம் இரும்பு உள்ளது. அது விலையின்றிக் கிடைக்கிறது.

உயரமும் விளம்பரக் கூற்றுகளும்

குழந்தையின் உயரத்தைப் பெரும்பாலும் மரபு தீர்மானிக்கிறது. கருவுற்றது முதல் இரண்டு வயது வரை கிடைக்கும் ஊட்டம், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு போன்ற நோய்கள், சுரப்பிகளின் செயற்பாடு ஆகியவையும் அதைப் பாதிக்கின்றன. இம்மாவுகள் பெரிதும் விற்கப்படும் பள்ளி வயதுக்கு முன்பே ஊட்டக்குறையால் வரும் குட்டை வளர்ச்சியின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகிறது.

நலமாக உள்ள குழந்தை ஐந்து வயதிலிருந்து பருவமடையும் வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும். ஆறு வயதுக் குழந்தை ஓராண்டு சத்துப் பானம் பருகி 6 சென்டிமீட்டர் வளர்ந்தால், அதைப் பருகாமலும் அவ்வளவு வளர்ந்திருக்கக்கூடும். சுவரில் கோடிட்டு அளக்கும் பெற்றோர் இவ்வளர்ச்சியை மாவின் விளைவாகக் கொள்வது இயல்பு. மாவின் பயனை அறிய, அதே அளவு பாலை மாவின்றிப் பருகிய குழந்தைகளுடன் ஒப்பிட வேண்டும். பானம் எதுவும் பருகாதவருடன் ஒப்பிட்டால், பாலின் பயனும் மாவின் கணக்கில் சேர்ந்துவிடும்.

குழந்தைகள் மேலும் உயரமாகவும் வலிமையாகவும் கூர்மையாகவும் ஆவர் என்ற ஹார்லிக்ஸ் விளம்பரம் வங்காளதேசத்திற்காக எடுக்கப்பட்டது. அது ஐக்கிய இராச்சியத்தில் ஒளிபரப்பானபோது, அக்கூற்றுகள் மெய்ப்பிக்கப்படவில்லை என்று அந்நாட்டு விளம்பர நெறி ஆணையம் 2008 இல் தடை செய்தது.

இந்தியாவில் சட்ட நிலை

போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவு 2023 இல் சமூக ஊடகத்தில் வெளிவந்த நிகழ்படம் ஒன்றால் பேசுபொருளானது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திற்கு அறிவிக்கை அனுப்பியது. அவ்வாண்டின் இறுதியில் 100 கிராமில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 37.4 கிராமிலிருந்து 32.2 கிராமாகக் குறைக்கப்பட்டது.

2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்னும் வகைக்கு வரையறை இல்லை. ஆகவே மால்ட், பால், தானிய அடிப்படையிலான பானங்களை அத்தலைப்பின் கீழ் விற்கக்கூடாது என்று 2024 ஏப்பிரலில் இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அம்மாதமே இந்துசுத்தான் யூனிலீவர் தன் பொருட்களின் வகைப்பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாற்றத்தால் மாவின் உள்ளடக்கம் மாறுவதில்லை.

சீட்டைப் படித்தல்

புட்டியின் சீட்டில் 100 கிராமுக்கான அளவு, ஒரு வேளை மாவுக்கான அளவு, சிலவற்றில் பாலுடன் சேர்த்த அளவு என வெவ்வேறு பத்திகள் இருக்கும். பாலுடன் சேர்த்த பத்தியில் மாவு தருவதை அறிய இயலாது. மாவுக்கு மட்டும் உரிய பத்தியையே நோக்க வேண்டும். உட்பொருட்கள் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்படுவதால், சர்க்கரை முதல் இரண்டு மூன்று இடங்களில் இருந்தால் அது மாவின் முதன்மையான உட்பொருட்களுள் ஒன்று என அறியலாம். மால்ட் சாறு, நீர்மக் குளுக்கோசு, மால்ட்டோடெக்சிடிரின் ஆகியன வெவ்வேறு பெயரில் வருவதால் மொத்தச் சர்க்கரை, மொத்த மாவுச்சத்து ஆகிய வரிகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

வரம்புகள்

வாற்கோதுமையிலும் கோதுமையிலும் உள்ள பசையப் புரதம் ஒவ்வாத சீலியாக்கு நோயாளிகள் மால்ட் பானங்களை அறவே தவிர்க்க வேண்டும். இவை தாய்ப்பாலுக்கோ கைக்குழந்தைகளின் உணவுக்கோ மாற்று அல்ல. காலை உணவுக்குச் சற்று முன் பெரிய கோப்பையில் கொடுத்தால் குழந்தையின் பசி அடங்கிவிடும். உணவு குறைவதைக் கண்டு பெற்றோர் மேலும் ஒரு வேளை பானம் கொடுக்க, உணவு இன்னும் குறையும்.

பள்ளி வயதில், பருவமடையும் முன், ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளரும் குழந்தையையும், வளர்ச்சி வரைபடத்தில் தன் கோட்டை விட்டுக் கீழிறங்கும் குழந்தையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டுக் குறைபாடு, வளர்ச்சி இயக்குநீர்க் குறைபாடு, சீலியாக்கு நோய், நாட்பட்ட சிறுநீரக நோய் முதலியன இதற்குக் காரணமாகலாம். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிய பின் சிகிச்சையால் உயரத்தைக் கூட்ட இயலாது. பானத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் கழியும் ஆண்டுகளே இவ்வகைக் குழந்தைகளுக்குப் பேரிழப்பாகின்றன.