கொட்டேஷன், புரோபோமா, வரி விலைப்பட்டியல்: எந்தக் கட்டத்தில் எதைக் கேட்பது?

வாழ்வாதார உதவிக்கோ வங்கிக் கடனுக்கோ விண்ணப்பித்தவர்கள் கடைக்கும் அலுவலகத்துக்குமாக அலைவதற்குப் பல வேளைகளில் காரணம் ஒரு தாள்தான். அலுவலர் கேட்டது ஒன்று, கடைக்காரர் எழுதிக் கொடுத்தது வேறொன்று. மூன்று தாள்களிலும் பொருளின் பெயரும் விலையும் இருப்பதால் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் அவை வெவ்வேறு கட்டங்களுக்கு உரியவை.

உதாரணத்துக்குக் கிளிநொச்சியில் ஒரு பெண் மிளகாய்த்தூள், அரிசிமா அரைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்க முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணத்தின் ஒரு பகுதியை ஒரு நிறுவனம் உதவியாகத் தருகிறது. மிகுதி வங்கிக் கடன். நிறுவனம் முதலில் மூன்று கடைகளின் கொட்டேஷனைக் கேட்கிறது. கொட்டேஷன் என்பது, 'இந்தப் பொருளை இந்த விலைக்கு, இத்தனை நாளுக்குள் கேட்டால் தருவேன்' என்று விற்பவர் எழுதித் தருவது. அதைப் பெற்றதால் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதற்கடை, வரி உட்பட 460,200 ரூபா என்கிறது. இரண்டாவது கடை 410,000 ரூபா. மூன்றாவது, பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாத சிறிய கடை, 468,000 ரூபா. இரண்டாவதே மலிவு என்று தோன்றும். ஆனால் அந்தத் தாளின் அடியில் 'வற் தவிர்ந்தது' என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. 2024 ஜனவரி முதல் இந்த வரி 18 வீதம். 410,000 ரூபாவுக்கு வரி 73,800. ஆக, கையிலிருந்து போவது 483,800 ரூபா, முதற்கடையை விட 23,600 ரூபா கூட. வரிக்குப் பதிவு செய்யாத வாங்குநருக்கு அந்த வரியை மீளப் பெற வழியில்லை. ஆகவே அவர் ஒப்பிட வேண்டியது இறுதித் தொகையை மட்டுமே.

முதற்கடை தெரிவாகிறது. இனி வங்கி பணம் விடுவிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் புரோபோமா விலைப்பட்டியல் வருகிறது. யாருக்கு, எந்த மாதிரி இயந்திரம், எத்தனை, அடிப்படை விலை 390,000, வரி 70,200, மொத்தம் 460,200, பணம் எந்தப் பெயருக்குச் செலுத்தப்பட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பனை நடந்ததாக அது சொல்லாது. நடக்கப்போகும் விற்பனையின் முன்மாதிரிதான். வங்கி பெரும்பாலும் காசோலையைக் கடையின் பெயரிலேயே எழுதும். தாளில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் வேறுபட்டால் அங்கேயே நின்றுவிடும். இன்னொரு சிக்கல் காலாவதி. தாளில் 30 நாள் என்று போட்டிருக்க, கடன் அனுமதி 45ஆம் நாளில் வந்தால் கடைக்காரர் புதிய விலை கேட்கலாம். கடன் தாமதமாகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே திகதியைப் புதுப்பித்துக் கேட்பது நல்லது.

நேரடியாக விலைப்பட்டியலையே தந்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பதிவு செய்த கடைக்காரர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. பெறுமதி சேர் வரிச் சட்டப்படி விலைப்பட்டியலை வழங்குவதோ முற்பணம் பெறுவதோ, எது முந்துகிறதோ அதிலேயே வரிப் பொறுப்பு ஏற்பட்டுவிடலாம். கடன் கிடைக்காமல் போனால் நடக்காத விற்பனைக்கு அவர் கணக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். புரோபோமாவில் அந்த வில்லங்கம் இல்லை.

இயந்திரம் கைக்கு வந்தபின் தருவதே இறுதி விலைப்பட்டியல். அதில் இயந்திரத்தின் தொடர் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதத்துக்கும் நிறுவனத்தின் சரிபார்ப்புக்கும் அதுவே ஆதாரம். பணம் செலுத்தியதற்குப் பற்றுச்சீட்டைத் தனியாகக் கேளுங்கள்.

வரி விலைப்பட்டியல் என்பது இன்னும் குறிப்பானது. வரிக்குப் பதிவு செய்த ஒருவர், பதிவு செய்த இன்னொருவருக்கு வழங்குவது அது. வாங்குபவர் தாம் செலுத்திய வரியைத் தமது வரியில் கழித்துக்கொள்ள அந்தத் தாள் வேண்டும்; புரோபோமாவை வைத்துக் கழிக்க முடியாது. அதில் 'TAX INVOICE' என்ற சொற்கள் தெளிவாக இருக்கும். இருவரின் பெயர், முகவரி, வரிப் பதிவிலக்கம், தொடர் இலக்கம், திகதி, வரிக்கு முந்திய விலை, வரித்தொகை என்பவையும் இருக்க வேண்டும். பதிவிலக்கம் வழமையாக 7000 என்று முடியும்.

பதிவிலக்கம் இல்லாத கடை 18 வீதத்தைத் தனி வரியாகச் சேர்த்தால் அதைச் செலுத்தாதீர்கள். பதிவு செய்யாதவருக்கு அந்த வரியை அறவிட உரிமையில்லை. சந்தேகமென்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இலக்கத்தைக் கொடுத்துக் கேட்கலாம்.

இதே விதி எங்கள் சிறிய உற்பத்தியாளர்களையும் தொடுகிறது. பதிவு செய்யாத தச்சுப்பட்டறை ஒன்று பெரிய நிறுவனத்துக்கு மேசை செய்து கொடுக்கும்போது, கணக்குப் பிரிவு 'வரி விலைப்பட்டியல் தந்தால்தான் பணம்' என்று சொல்வதுண்டு. பயந்து அப்படி ஒரு தலைப்பை அச்சிட்டுக் கொடுத்துவிடக் கூடாது, அது குற்றமாகும். தாம் பதிவு செய்யவில்லை என்று எழுத்தில் தெரிவித்து, வரி சேர்க்காத சாதாரண விலைப்பட்டியலைக் கொடுத்தால் போதும். கொட்டேஷன் கொடுக்கும்போதே 'பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யப்படவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டால், வேலை முடிந்தபின் பணத்துக்காக இழுபட வேண்டியிராது.