பழைய மூக்குக்கண்ணாடியை தானமா கொடுத்தா யாருக்குப் பொருந்தும்?

லயன்ஸ் கிளப் போன்ற அமைப்புகள் சேகரிக்கும் பழைய மூக்குக்கண்ணாடிகளில், கீறல் விழுந்ததும் பிரேம் உடைந்ததும் முதலிலேயே கழிக்கப்படும். மிஞ்சியதைக் கழுவி, லென்ஸோமீட்டரில் பவர் பார்த்து, கவரில் எழுதி அடுக்குவார்கள்.

சிக்கலே அதற்குப் பிறகுதான். வலது கண்ணுக்கு -2.50, இடது கண்ணுக்கு -1.00, கூடவே சிலிண்டர் பவர் என்றால், அதே அளவு தேவைப்படும் இன்னொருவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. சிலிண்டரின் கோணமும், இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரமும்கூட ஒத்துப்போகணும். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், தானமாக வந்த கண்ணாடிகளில் 7 சதவீதம்தான் பயன்படுத்தும்படி இருந்தது.

இரண்டு பக்கமும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது என்றால் ஆள் எளிதில் கிடைக்கும். 40 வயதைத் தாண்டியவர்கள் படிக்கப் போடும் +1.50, +2.00 கண்ணாடிகள் பெரும்பாலும் இந்த வகைதான். அதையும் கண் பரிசோதனை செய்த பிறகே கொடுக்கணும்.